கேரக்டர் ஷீட்டைச் சரிபார்க்க 7 குறிப்புகள்

கார்ட்டூன், காமிக்ஸ் வரையப் பழகுபவர்கள் ஒரே கதாபாத்திரத்தை முன், முக்கால், பக்கம், பின் என்று திருப்பித் திருப்பி வரைந்து, கூடவே முகபாவங்களையும் சேர்த்து வைக்கும் தாள்தான் கேரக்டர் ஷீட். அதைப் பார்த்து வேறொருவர் வரைந்தாலும் அதே ஆள் வர வேண்டும். மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, குறுக்கே மாட்டிய வாட்டர் பாட்டிலுடன் ஒரு பள்ளிச் சிறுமியை வரைந்திருப்பதாக வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

1. படத்தின் மேல் பட்டர் பேப்பர் வைத்து, வெளிக்கோட்டை எடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்புங்கள். சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று பாருங்கள். சடை கழுத்தோடு ஒட்டியிருந்தால் தோளோடு கலந்து, கழுத்து பருத்த யாரோ ஒருவர் போலத் தெரியும். சடை வளைவுக்கும் கழுத்துக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளை தெரியும்படி தூக்கிக் கட்டுங்கள். பாட்டிலும் இடுப்புக்கு வெளியே துருத்திக்கொண்டு இருந்தால்தான் நிழலுருவில் தப்பிக்கும்.

2. கதையில் வரும் மற்றவர்களையும் இதே போல் கறுப்பாக்கி வரிசையாக நிறுத்துங்கள். ‘தி சிம்ப்சன்ஸ்’ படைப்பாளி மேட் க்ரோனிங், நிழலுருவிலேயே ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எண்ணித்தான் பார்ட்டுக்கு ரம்பப் பல் போன்ற தலையை வரைந்தார். உங்கள் வரிசையில் இருவருக்கு உயரம் மட்டுமே வித்தியாசம் என்றால், ஒருவரின் உடல்வாகையோ தலைமுடியையோ மாற்றியே ஆக வேண்டும்.

3. முன்பக்கப் படத்தின் உச்சி, கண், முகவாய், தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகிய இடங்களில் ஸ்கேல் வைத்து, எல்லாப் படங்களையும் தொடும்படி மெல்லிய கோடு இழுங்கள். பெரும்பாலும் பின்பக்கப் படத்தில் தோள் இறங்கியும், பக்கவாட்டுப் படத்தில் முகவாய் ஏறியும் இருக்கும். முக்கால் பார்வையில் நமக்கு அருகில் உள்ள பாதம் சற்றுக் கீழே வருவது தவறல்ல.

4. உயரம் சரியாக இருந்தும் ஆள் மாறித் தெரிந்தால், பக்கவாட்டுப் படத்தில் பின்னந்தலையைக் கவனியுங்கள். பழகுபவர்கள் முகத்திலேயே கவனம் வைத்து, பின்மண்டையைத் தட்டையாக வெட்டிவிடுவார்கள். பக்கவாட்டில் தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் காது இருக்கும். காதுக்குப் பின்னால் இடமே இல்லையென்றால் மண்டை சிறுத்துவிட்டது என்று பொருள்.

5. இடம், வலம் மாறுவதுதான் எளிதில் கண்ணில் படாத பிழை. பாட்டில் வார் இடத் தோளில் தொடங்கி, பாட்டில் வல இடுப்பில் தொங்குகிறது என்றால், முன்பக்கப் படத்தில் அது தாளின் இடப்பக்கம் தெரியும். பின்பக்கப் படத்தில் தாளின் வலப்பக்கம் வர வேண்டும். சிறுமி நம் வலப்புறம் பார்த்து நிற்கும் படத்தில் பாட்டில் முழுதாகத் தெரியும். இடப்புறம் பார்த்து நின்றால் உடம்பு மறைத்துவிடும். பின்னந்தலையில் நேர்வகிடு இறங்குகிறதா என்றும் பாருங்கள். முன்னால் வகிடு போட்டுவிட்டுப் பின்னால் மறந்துவிடுவது வழக்கம்.

6. முகபாவங்களில் வாயைக் கட்டைவிரலால் மூடிவிட்டு, கண்ணையும் புருவத்தையும் மட்டும் பாருங்கள். சிரிப்பும் அழுகையும் ஒன்றுபோல் இருந்தால் வாயை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். உண்மையான சிரிப்பில் கன்னம் மேலேறிக் கீழ் இமையைத் தள்ளும். அழுகையில் புருவங்களின் உள்முனை மேலெழும். சிரிப்பு, அழுகை, கோபம், ஆச்சரியம் நான்கோடு நிறுத்தாமல், சிரிப்பை அடக்குவது, பொய் சொல்லிவிட்டு விழிப்பது போன்ற கலவை பாவங்களும் இருக்கட்டும். பெயர் எழுதாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டி, ‘இவள் என்ன நினைக்கிறாள்?’ என்று கேளுங்கள்.

7. இரண்டு முகபாவங்களைத் தனித்தனித் தாளில் எடுத்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். கத்தும்போது தாடை கீழிறங்கலாம். மண்டையும் காதும் அசையக்கூடாது. வேண்டுமென்றே விதியை மீறினால் அதை ஷீட்டிலேயே காட்டிவிடுங்கள். மிக்கி மவுஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் காது இரண்டும் வட்டமாகவே தெரியும்; நிஜத்தில் அப்படித் தெரியாது என்றாலும், எல்லாப் பார்வையிலும் ஒரே மாதிரி வரைவதால் அது பிழையாகத் தோன்றுவதில்லை.

சோதனையை இதே வரிசையில் செய்யுங்கள். சடையின் வடிவத்தைக் கடைசியில் மாற்றினால் எல்லாப் பார்வைகளையும் எல்லா முகங்களையும் மறுபடி வரைய வேண்டிவரும். ஏழும் முடிந்த பிறகு மை தீட்டினால் போதும்.