பிள்ளை சாட்ஜிபிடியில் என்ன கேட்டாள்? பெற்றோருக்கு 7 குறிப்புகள்

வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால் பிள்ளைகள் இப்போது சாட்ஜிபிடியைத் திறக்கிறார்கள். கேட்ட கேள்வியும் வந்த பதிலும் அதிலேயே பதிவாகின்றன. அந்தப் பதிவை எப்படிப் பார்ப்பது, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

1. முதலில் கணக்கைப் பிரித்துவிடுங்கள். அம்மாவின் போனில், அம்மாவின் கணக்கிலேயே பிள்ளையும் கேட்டால் சாம்பார் சந்தேகமும் அறிவியல் பாடமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். யார் எதைக் கேட்டார்கள் என்றே தெரியாது. 13 வயது நிரம்பிய பிள்ளைக்கு உங்கள் சம்மதத்தோடு, சரியான பிறந்த தேதியைக் கொடுத்துத் தனிக் கணக்கு தொடங்கலாம். அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்காக நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்லுங்கள்.

2. பிள்ளையின் கணக்கை உங்கள் கணக்கோடு இணைக்க Parental controls என்ற வசதி 2025 செப்டம்பரில் வந்தது. எந்த நேரத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதை அதில் குறித்து வைக்கலாம். குரல், படம் போன்ற வசதிகளை நிறுத்தலாம். ஆனால் பிள்ளை என்ன பேசினாள் என்பதை அது உங்களுக்குக் காட்டாது. உரையாடலைப் படிக்க வேண்டுமானால் அவளுடைய கணக்கைத்தான் திறந்தாக வேண்டும். பிள்ளை இணைப்பைத் துண்டித்தால் உங்களுக்குத் தகவல் வரும்.

3. அவள் தூங்கிய பிறகு போனை எடுத்துப் பார்க்காதீர்கள். ஒருமுறை தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி வேறு இடத்துக்குப் போய்விடும். ஞாயிறு மாலை 10 நிமிடம் என்று முன்பே சொல்லிவைத்து, சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பக்கப்பட்டியில் பழைய உரையாடல்கள் வரிசையாக இருக்கும். தலைப்பை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் உரையாடலின் தொடக்கத்தை வைத்துத் தானாக அமைவது. பேச்சு பாதியில் வேறு பக்கம் திரும்பியிருக்கலாம்.

4. இயந்திரத்தின் நீண்ட பதில்களைத் தாண்டி, பிள்ளை எழுதிய வரிகளை மட்டும் படியுங்கள். உதாரணமாக, 2x + 5 = 17 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். “விடை சொல்” என்று மட்டும் எழுதி, அடுத்த வரியிலேயே அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் பார்த்து எழுதியிருக்கிறாள். “எனக்கு 11 வருகிறது, எங்கே தப்பு?” என்றிருந்தால் முயன்றிருக்கிறாள். அவள் சிக்கிய இடமும் அதிலேயே தெரிகிறது: 5-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டி, 22-ஐ 2-ஆல் வகுத்திருக்கிறாள். சரியான விடை 6. இதே பிழை இன்னும் இரண்டு உரையாடல்களில் இருந்தால் கவனக்குறைவு என்று விடக் கூடாது. பக்கம் மாற்றும்போது குறி மாறுவது அவளுக்குப் புரியவில்லை.

5. விடையை மட்டும் வாங்கும் பழக்கம் தெரிந்தால் Study and learn என்பதைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். அது விடையை உடனே நீட்டாமல் படிப்படியாகத் திருப்பிக் கேள்வி கேட்கும். ஆனால் பிள்ளை நினைத்தால் நடுவிலேயே அதை நிறுத்திவிட முடியும். அடுத்த ஞாயிறு அவளுடைய வரிகளின் நீளத்தைப் பாருங்கள். நிறுத்தினாளா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

6. வீட்டுப்பாடம் நிறைய இருந்த வாரத்தில் பட்டியல் வெறிச்சென்று இருக்கிறதா? உடனே சந்தேகப்படாமல் Settings-இல் Data controls, அதற்குள் Archived chats போய்ப் பாருங்கள். ஒதுக்கி வைத்தவை அங்கே இருக்கும். Temporary chat-இல் பேசியது பட்டியலில் ஏறவே ஏறாது. அழித்ததும் அங்கே கிடைக்காது. இந்த இரண்டையும் தேடிப் பயனில்லை, பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

7. பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, போன் எண், மதிப்பெண் பட்டியலின் படம் இருக்கும் உரையாடல்களை அழித்துவிடுங்கள். Delete கொடுத்ததும் பட்டியலிலிருந்து போய்விடும். நிறுவனத்தின் கணினிகளிலிருந்து நீங்கப் பொதுவாக 30 நாள் வரை ஆகும். பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: உரையாடலை அழித்தாலும், அதிலிருந்து எடுத்துத் தனியே நினைவில் வைத்த குறிப்பு அழியாது. Settings-இல் Personalization பகுதிக்குப் போய், நினைவுகளின் பட்டியலில் அதையும் நீக்க வேண்டும். குறி தவறிய அந்தக் கணக்கு உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள். Rename கொடுத்து “சமன்பாடு – குறி தவறு” என்று பெயர் வையுங்கள். தேர்வுக்கு முதல் நாள் பிள்ளை திரும்பப் பார்க்க வேண்டிய பக்கம் அதுதான்.