நோட்டில் ‘வேலை’ என்று மட்டும் இருக்கிறது

கேள்வி: நங்கநல்லூரில் 12 வீடுகள் உள்ள ஓர் அடுக்ககத்தின் செயலாளர் நான். சென்ற வாரம் குடிநீர் சம்ப் கழுவ ஒரு மேஸ்திரியிடம் சொல்லியிருந்தோம். அவர் வரவில்லை, இரண்டு ஆட்களை அனுப்பினார். வாட்ச்மேன் காலை 9.40-க்கு விசிட்டர் நோட்டில் மேஸ்திரியின் பெயரையும் செல்போன் எண்ணையும் எழுதி, வந்த காரணம் என்ற இடத்தில் ‘வேலை’ என்று போட்டிருக்கிறார். சம்ப் வேலை முடிந்ததும், கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்காரர், பின்பக்கத்துப் பழைய செப்டிக் டேங்க் வழிகிறது, அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்டிருக்கிறார். மூடியைத் திறந்து இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார். தீயணைப்புத் துறையினர் வந்து மேலே கொண்டுவந்தார்கள். 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போனார். உயிர் பிழைத்துவிட்டார், இன்னும் சிகிச்சையில் இருக்கிறார். போலீஸ் விசாரிக்க வரும் என்கிறார்கள். நோட்டைத் திருத்தி முழு விவரத்தையும் எழுதிவிடலாம், ‘அவராகவே இறங்கினார்’ என்று சேர்க்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: முதல் காரியமாக, அந்த நோட்டில் இனி யாரும் பேனா வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்தையும் முன்பின் பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பூட்டி வைத்துவிட்டு, வாட்ச்மேனுக்குப் புதிய நோட்டு கொடுங்கள். ‘வேலை’ என்ற ஒற்றைச் சொல் உங்கள் பதிவின் குறைதான். ஆனால் அன்று காலை 9.40-க்கு எழுதியது என்ற மதிப்பு அதற்கு உண்டு. இன்று அதன் பக்கத்தில் நுணுக்கி எழுதினால் அந்த மதிப்பும் போய்விடும். அதோடு, ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்தபின் குற்றவாளியைக் காப்பாற்ற ஆதாரத்தை மறைப்பதோ பொய்த்தகவல் தருவதோ பாரதிய நியாய சன்ஹிதா 238-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இப்போது இல்லாத சிக்கலை நீங்களே தேடிக்கொள்ள வேண்டாம்.

விடுபட்ட விவரங்களை எழுத வேறு வழி இருக்கிறது. தனித் தாளில் ‘சம்பவக் குறிப்பு’ என்று ஒன்று எழுதுங்கள். சம்பவம் நடந்த நாளோடு, அந்தத் தாளை எழுதும் நாளையும் நேரத்தையும் மேலே போடுங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் ஒரு வாரம் கழித்து எழுதியதாகவே இருக்கட்டும். அதில் வரும் ஒவ்வொரு செய்தியும் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் கூடவே வர வேண்டும்: நான் பார்த்தது, வாட்ச்மேன் சொன்னது, கேமராவில் இருப்பது, மேஸ்திரி போனில் சொன்னது. இந்த நான்கையும் கலந்து, எல்லாம் கண்ணால் கண்டதுபோல எழுதுவதுதான் அடுக்ககக் குறிப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு.

அடையாளத்திலிருந்து தொடங்குங்கள். நோட்டில் இருக்கும் பெயர் அன்று உள்ளேயே வராத ஒருவருடையது. ஒப்பந்த வேலைகளில் இது வழக்கமாகவே நடக்கிறது. வேலையை ஒப்புக்கொண்டவர் ஒருவர், ஆளை அனுப்பியவர் இன்னொருவர், இறங்கியவர் மூன்றாவது ஆள். இந்த மூவரையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அடிபட்டவரின் பெயர் மருத்துவமனைச் சீட்டில் ஒருவிதமாகவும் மேஸ்திரி வாயில் வேறுவிதமாகவும் இருந்தால், இரண்டையும் அப்படியே போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். சரியானது இதுதான் என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள், ஏ.ஆர். என்று சொல்வது அதைத்தான். அந்த எண் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் நகல் கேட்டு அவருடைய உறவினர்களை அலைக்கழிக்க வேண்டாம். மேஸ்திரிக்கு முன்பணம் அனுப்பிய ஜிபே பதிவு, அவரோடு பேசிய அழைப்புப் பட்டியல், ஆட்கள் வந்த வண்டியின் எண் ஆகியவை உங்கள் கையிலேயே இருக்கின்றன. யார் அனுப்பினார்கள் என்பதை இவை போதிய அளவு காட்டும்.

கூட வந்த இன்னொருவரை மறந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூடி திறந்ததிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் வேறு வேலைக்குப் போய்விடுவதற்குள் பெயரையும் எண்ணையும் வாங்குங்கள்.

வந்த நோக்கத்தைப் பொறுத்தவரை, உங்கள் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அவர்கள் வந்தது சம்ப் கழுவ. விபத்து நடந்தது செப்டிக் டேங்கில். நடுவில் நோக்கம் மாறியிருக்கிறது. எத்தனை மணிக்கு, யார் சொல்லி, என்ன வார்த்தையில் மாறியது என்பதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும். கீழ்த்தளத்துக்காரரிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவர் ‘இறங்கிச் சுத்தம் செய்’ என்றாரா, ‘கொஞ்சம் பார்’ என்றாரா, தனியாகப் பணம் தருவதாகச் சொன்னாரா? அவர் சொல்வதை அவர் வாக்கியத்திலேயே எழுதுங்கள். கூட வந்த தொழிலாளி வேறு மாதிரி சொன்னால் அதையும் எழுதுங்கள். எல்லோரையும் ஹாலில் கூட்டி வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார், அதனால் ஒவ்வொருவராகக் கேளுங்கள்.

‘அவராகவே இறங்கினார்’ என்ற வரியை நான் சேர்க்கவே மாட்டேன். அது யாரும் கண்ட செய்தி அல்ல, கமிட்டியின் விருப்பம். சட்டத்திலும் அது உங்களுக்குக் கை கொடுக்காது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒருவரைச் சாக்கடையையோ செப்டிக் டேங்க்கையோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. பாதுகாப்புச் சாதனங்களும் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளும் இல்லாமல் ஆளை வைத்துச் செய்விப்பதையே அபாயகரமான சுத்தம் என்கிறது அந்தச் சட்டம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலாளி சம்மதித்தார் என்பது இதற்கு விலக்கு ஆகாது. அடுக்ககத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும் என்பதை உறுப்பினர்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

2019 நவம்பரில் ராயப்பேட்டையில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டியில், ஒப்பந்ததாரர் அழைத்துவந்த தொழிலாளர்களில் ஒருவர் மயங்க, காப்பாற்ற இறங்கிய அவருடைய சகோதரர் இறந்துபோனார். அங்கும் விசாரணை, இவர்களை அழைத்துவந்தது யார், அவருக்கு வேலையைக் கொடுத்தது யார் என்றுதான் போனது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சமாகவும், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சமாகவும் உயர்த்தியது. உங்கள் தொழிலாளி பிழைத்திருந்தாலும், இனி அவருடைய உடல்நிலை எப்படி இருக்கிறது என்பதையும் குறிப்பில் தொடர்ந்து சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது அனுமதி. கேட்டுக்குள் விடுவதும் தொட்டிக்குள் இறங்க விடுவதும் ஒன்றல்ல. வாட்ச்மேன் தந்தது முதல் அனுமதி. சம்ப்பைத் திறக்க நீங்கள் போனில் தந்தது இரண்டாவது. செப்டிக் டேங்க்குக்கு யார் தந்தது? யாரும் தரவில்லை என்றால் ‘செயலாளரிடம் கேட்கவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை’ என்று எழுதுங்கள். மூடி பூட்டியிருந்ததா, சாவி யாரிடம் இருந்தது, திறப்பதைப் பார்த்தவர் யார், தடுக்கவில்லையா என்பதும் அனுமதியைச் சேர்ந்த செய்திதான். நங்கநல்லூர் ஆலந்தூர் நகராட்சியில் இருந்த காலத்தில்தான் மக்கள் பணமும் போட்டுப் பாதாளச் சாக்கடை வந்தது. அதற்கு முன் கட்டிய கட்டடங்கள் சிலவற்றில் பழைய செப்டிக் டேங்க் மூடப்படாமலே கிடக்கிறது. உங்களுடையது அப்படிப்பட்டதா, தெருச் சாக்கடையோடு இணைந்திருக்கிறதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

நான் எழுதினால் குறிப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

‘காலை 9.40: இரண்டு ஆண்கள் பைக்கில் வந்தனர் (கேமரா). விசிட்டர் நோட்டில் உள்ள பெயர் மேஸ்திரியுடையது. அவர் வரவில்லை (வாட்ச்மேன்). சம்ப் கழுவ அனுமதித்தது நான், முந்தைய நாள் மாலை போனில். 11.15: சம்ப் வேலை முடிந்தது (வாட்ச்மேன், மணி தோராயம்). அதன்பின் கீழ்த்தளக் குடியிருப்பாளர், “பின்னாடி டேங்க் வழியுது, அதையும் பாத்துட்டுப் போங்க” என்று சொன்னதாகச் சொல்கிறார். என்னிடம் கேட்கவில்லை. முகமூடி, கயிறு, காற்று சோதிக்கும் கருவி எதையும் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் சொல்கிறார். 11.32: கூட வந்தவர் கத்திக்கொண்டு முன்பக்கம் ஓடிவந்தார் (கேமரா). 11.34: நான் தீயணைப்புத் துறைக்கு அழைத்தேன் (என் போன் பதிவு).’

இதில் ‘கவனக்குறைவு’, ‘விஷவாயு தாக்கி’ போன்ற சொற்கள் இல்லாததைக் கவனியுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் நாற்றத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் அதை மட்டும் அப்படியே எழுதுங்கள். ‘முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது, பிறகு இல்லை’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்களுக்கு ஆபத்து விலகிவிட்டது போலத் தோன்றும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். எனவே அந்த வரி விசாரிப்பவருக்கு மிகவும் பயன்படும்.

கேமரா பதிவை இன்றே எடுத்துவிடுங்கள். இடம் நிரம்பியதும் டி.வி.ஆர். பழைய பதிவின்மேலேயே எழுதிவிடும். உங்கள் கருவிக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாதபோது காத்திருப்பது சரியல்ல. சம்பவ நேரத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் ஆட்கள் வந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் போகும்வரை முழுதாக எடுங்கள். கருவியின் கடிகாரத்தையும் உங்கள் போன் கடிகாரத்தையும் ஒரே படத்தில் பிடித்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறிப்பில் போடுங்கள். அது தெரியாவிட்டால் மேலே எழுதிய நேரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். போலீஸ் பதிவைக் கேட்டால், பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் தேவைப்படும். அந்தப் படிவத்தை நிரப்ப உங்கள் வக்கீல் உதவுவார்.

ஒரு காரியம் மட்டும் செய்துவிடாதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடமோ அவர் மனைவியிடமோ ‘எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று தாளில் கையெழுத்து வாங்கப் போகாதீர்கள். செலவுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் ரசீதில் தொகையையும் தேதியையும் மட்டும் எழுதிக் கொடுங்கள். உதவியையும் வாக்குமூலத்தையும் ஒரே தாளில் சேர்ப்பது அநியாயம்.

உண்மையாக எழுதிய குறிப்பு உங்கள் சங்கத்துக்கு எதிராகவும் நிற்கலாம். கீழ்த்தளத்துக்காரர் மேல் வழக்கு வரலாம், செயலாளர் என்ற முறையில் உங்களையும் கேட்கலாம். அதனால் கொடுப்பதற்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் அவர் சொன்னார் என்று நடந்ததை மாற்றாதீர்கள். தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் கையெழுத்திடுங்கள். வாட்ச்மேனுக்குப் படிக்க வராது என்றால், அவர் சொன்ன பகுதியை அவருக்குப் படித்துக்காட்டி, படித்துக்காட்டியதாக எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். போலீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல், நோட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்து பழவந்தாங்கல் காவல் நிலையத்தில் நீங்களே கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். இன்னொரு நகல் தொழிலாளியின் குடும்பத்துக்குப் போக வேண்டும். இழப்பீடு கேட்க வேண்டியவர்கள் அவர்கள், அதற்கு யார் அனுப்பினார்கள், யார் இறங்கச் சொன்னார்கள் என்ற விவரம் அவர்களுக்குத்தான் முதலில் தேவைப்படும்.