மக்கீயா, மதனீயா? குறித்து வைக்கும் முன்

சின்ன வசனம் என்றால் மக்கா, நீள வசனம் என்றால் மதீனா என்று குர்ஆன் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகிறவர்கள் 73-வது சூராவில் கண்டிப்பாக மாட்டுவார்கள். அல்முஸ்ஸம்மில் என்ற அந்த சூராவை இன்றே திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• கோட்டை ஹிஜ்ரத்தில் போடுங்கள். 622-க்கு முன் இறங்கியது மக்கீ, பின் இறங்கியது மதனீ. 5:3 இறங்கியது மக்காவை ஒட்டிய அரஃபாவில். ஆண்டு 632 என்பதால் அது மதனீதான்.

• நபித்தோழர்களின் அறிவிப்பு உண்டா என்று முதலில் தேடுங்கள். நடையும் பொருளும் அதற்கு அடுத்த சாட்சிகள்.

• அரபு மூலத்தில் 'கல்லா' என்ற அதட்டலைத் தேடுங்கள். மொழிபெயர்ப்பில் அது கரைந்துபோகும். அது வரும் 33 இடங்களும் மக்கீ சூராக்களில்தான்.

• பேச்சு யாரிடம், எதைப் பற்றி என்று கேளுங்கள். மறுமையை மறுப்பவர்களோடு வாதம் நடந்தால் மக்காவின் வாடை. வாரிசுரிமை, தலாக், நயவஞ்சகர்கள் என்றால் மதீனா; முஸ்லிம்களுக்குச் சமூகமும் சட்டமும் அமைந்தது அங்கேதான்.

• வசனம் வசனமாகப் பிரித்துப் பாருங்கள். முஸ்ஸம்மிலில் முதல் 19 வசனங்களும் குறுகியவை, சந்தத்தோடு ஓடுபவை. 20-வது மட்டும் திடீரென்று ஒரு பத்தி அளவுக்கு நீள்கிறது. இரவுத் தொழுகையைத் தளர்த்துகிறது, போரிடுவோரைக் குறிப்பிடுகிறது. அதனால் பலர் அதை மதனீ என்கிறார்கள். ஆனால் அந்தத் தளர்வு பன்னிரண்டு மாதம் கழித்து வந்ததாக ஆயிஷா (ரலி) சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அப்படியானால் அது மக்காக் காலம். போரிடுவோர் 'இனி இருப்பார்கள்' என்றுதான் வசனம் சொல்கிறது என்பது அதை மக்கீ என்பவர்களின் வாதம். அதே வசனத்தில் ஸகாத் வருவதை வைத்தும் தீர்ப்பு எழுத முடியாது, 41:7 போன்ற மக்கீ வசனங்களிலும் அந்தச் சொல் உண்டு. ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள், அதுதான் நேர்மை.

செய்யக்கூடாதவை

• 'மனிதர்களே' என்ற விளியைக் கண்டதும் மக்கீ என்று எழுதாதீர்கள். 2:21, 4:1 இரண்டும் மதனீ சூராக்களில் இருக்கின்றன.

• நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்நஸ்ர் (110) மூன்றே வசனம், ஆனால் மதனீ.

• அச்சிட்ட தலைப்பை இறுதித் தீர்ப்பாக எடுக்காதீர்கள். 1924-ன் கெய்ரோ பதிப்பு அர்ரஹ்மானை (55) மதனீ என்கிறது. மக்கீ என்பதே அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. நடையும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

• ஜெர்மானிய ஆய்வாளர் நோல்டெக்கேயின் வரிசையையும் மரபு வரிசையையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். 1860-ல் அவர் மக்காக் காலத்தை மூன்றாகப் பிரித்தது பெரும்பாலும் நடையை வைத்து. மரபு வரிசை அறிவிப்புகளை வைத்து நிற்கிறது. கலந்துவிட்டால் எந்த எண் எதிலிருந்து வந்தது என்று உங்களுக்கே பிடிபடாது.