உடம்பைக் காட்டி வாங்கும் சிரிப்பு

அன்புத் தம்பி,

நகைச்சுவை எழுதத் தொடங்கும் எவருக்கும் முதலில் கைக்கு எட்டுவது உடம்புதான். பருத்த ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். பின்னணியில் யானை நடக்கிற மாதிரி கனத்த இசை. அவர் உட்கார்ந்ததும் நாற்காலி முறிகிறது. பக்கத்தில் நிற்பவன் பூசணிக்காய் என்றோ தண்ணி லாரி என்றோ ரோடு ரோலர் என்றோ ஒரு வார்த்தை சொல்ல, அரங்கம் சிரிக்கிறது. இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறவராக நின்று பிரித்துப் பாருங்கள். வந்தவர் யார், எதற்காக வந்தார், அவருக்கு என்ன வேண்டும் என்று நமக்கு ஒன்றும் தெரியாது. வந்ததைத் தவிர அவர் ஒன்றும் செய்யவும் இல்லை. இதே வசனத்தை வேறு எந்தப் படத்திலும் எந்தப் பருத்த பாத்திரத்திடமும் ஒரு சொல் மாற்றாமல் பேசிவிடலாம். அப்படியானால் அந்தச் சிரிப்பு உங்கள் எழுத்திலிருந்து வரவில்லை. இப்படிப்பட்ட உடம்பு தாழ்ந்தது என்று பார்வையாளர் மனதில் முன்பே இருக்கும் தீர்ப்பிலிருந்து வருகிறது. அந்தத் தீர்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளும்போதெல்லாம் நீங்கள் அதைப் புதுப்பித்தும் கொடுக்கிறீர்கள். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

மக்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. நான்கில் ஒன்றுதான் இகழ்ச்சி. மற்ற மூன்றும் அனுபவக் குறைவிலிருந்தும் அறியாமையிலிருந்தும், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாத குணத்திலிருந்தும் பிறப்பவை. 1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். இன்னொரு பழம் எங்கே என்று கவுண்டமணி கேட்கக் கேட்க, அதுதான் இது என்று செந்தில் அசையாமல் நிற்கிறார். அங்கே சிரிப்பைத் தருவது ஒரு பிழையான தர்க்கமும் அதைக் கைவிடாத பிடிவாதமும். ஒல்லியான ஒருவர் அந்த வேடத்தில் நின்றாலும் காட்சி நிற்கும். இதே இணை நடித்த வேறு பல காட்சிகளில் செந்திலின் உருவத்தையும் நிறத்தையும் சொல்லித் திட்டுவதே நகைச்சுவையாக இருந்தது. அவை எள்ளலை மட்டுமே நம்பியவை. அவற்றிலிருந்து உடம்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் வசவு.

எள்ளல் இவ்வளவு எளிதாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. சிரிப்பு தனி மனிதரின் முடிவு மட்டும் அல்ல. சிரிப்பை நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். அரங்கில் ஒருவர் சிரிப்பது பக்கத்தில் இருப்பவருக்கு, 'இதற்குச் சிரிக்கலாம்' என்ற அனுமதியாகிறது. தொலைக்காட்சியில் அந்த அனுமதியைத் தயாரிப்பாளரே பதிவுசெய்து ஒலிக்கவிடலாம். கனடாவில் கிரிகரி ஃபவுட்ஸும் கிம்பர்லி பர்கிராஃபும் அமெரிக்க சிட்காம்களை ஆராய்ந்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண் பாத்திரங்களின் எடை கூடக் கூட ஆண் பாத்திரங்கள் அவர்களின் உடலைப் பழித்துப் பேசுவது கூடியது. அந்தப் பழிப்பைத் தொடர்ந்து பார்வையாளர் சிரிப்பு ஒலித்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. இப்படிச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள், எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு ஜோக் யாரையும் வெறுப்பவராக மாற்றிவிடாது என்று நீங்கள் சொல்லலாம். பெருமளவு சரிதான். வெறுப்பே இல்லாத ஒருவருக்கு ஒரு துணுக்கு புதிதாக வெறுப்பை ஊட்டிவிடும் என்று ஆய்வுகளும் சொல்லவில்லை. ஏற்கெனவே இருப்பதை அது அவிழ்த்துவிடுகிறது என்கின்றன. தாமஸ் ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், பெண்கள்மீது முன்பே பகைமை கொண்ட ஆண்கள் பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவையைக் கேட்டபின், ஒரு பெண்கள் அமைப்புக்குக் குறைவான தொகையே கொடுக்க முன்வந்தார்கள். அதே இழிவை நகைச்சுவையாக இல்லாமல் நேரடிக் கூற்றாகக் கேட்டபோது அந்த விளைவு இல்லை. இது பெண்களைப் பற்றிய ஆய்வு. உடல் பருமனைப் பற்றியது அல்ல. ஆனால் பர்மைஸ்டரும் காரல்ஸும் 2014-இல் திரைக்காட்சிகளைக் காட்டிச் செய்த ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. பருத்தவர்கள்மீது யாருக்கு வெறுப்பு அதிகமோ, அவர்களுக்கே எடையைக் கேலிசெய்யும் காட்சிகள் அதிக வேடிக்கையாக இருந்தன. அரங்கில் உங்களுக்காக மிகச் சத்தமாகச் சிரிப்பவர் யார் என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

இந்த அவமதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராஸ்கோ ஆர்பக்கிளின் வாழ்க்கையைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. மௌனப் படக் காலத்தில் சாப்ளினுக்கு இணையாகப் பேசப்பட்ட நடிகர் அவர். 120 கிலோவுக்கு மேல் எடை. 1913-இல் கீஸ்டோன் ஸ்டூடியோவில் சேர்ந்தார். அந்த நிறுவனம் 'ஃபேட்டி' என்ற பட்டப்பெயரைப் படத் தலைப்புகளிலேயே போட்டு விற்றது. படத்துக்கு வெளியே அப்படி அழைத்தால், தனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்று அவர் திருத்துவார். தொழிலில் அவர் ஒரு வரம்பு வைத்திருந்தார். கதவிடுக்கில் சிக்கிக்கொள்வது, நாற்காலியில் மாட்டிக்கொள்வது போன்ற மலிவான சிரிப்புக்காகத் தன் உடம்பைப் பயன்படுத்த மறுத்தார். அவருடைய நகைச்சுவை வேகத்திலும் நுணுக்கத்திலும் இருந்தது. அந்த உடம்போடு குட்டிக்கரணம் அடிப்பார். 1917-இல் வந்த 'தி ரஃப் ஹவுஸ்' படத்தில் இரண்டு ரொட்டிகளை முள்கரண்டியில் குத்தி நடனமாட வைத்தார். சாப்ளினின் 'கோல்டு ரஷ்' படத்தில் அதே விளையாட்டு உலகப் புகழ் பெற்றது 1925-இல்தான். அதே 1917-இல் 'தி புட்சர் பாய்' படத்தில் பஸ்டர் கீட்டனைத் திரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஹோட்டல் ஒன்றில் அவர் கொடுத்த விருந்தில் வர்ஜீனியா ராப் என்ற நடிகை உடல்நலம் குன்றினார். நான்கு நாட்கள் கழித்து, சிறுநீர்ப்பை கிழிந்ததால் ஏற்பட்ட தொற்றில் இறந்துபோனார். வழக்கு ஆர்பக்கிள்மேல் வந்தது. நீதிமன்றம் எதையும் முடிவுசெய்யும் முன்பே செய்தித்தாள்கள் கதை எழுதிவிட்டன. அவருடைய எடை அழுத்தியதால்தான் அந்தப் பெண் இறந்தார் என்பது கதை. எட்டு ஆண்டுகளாகச் சிரித்துப் பார்த்த அதே உடம்பு ஒரே வாரத்தில் குற்றத்தின் சாட்சியாகிவிட்டது. முதல் இரண்டு விசாரணைகளில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1922 ஏப்ரல் 12-இல் மூன்றாவது ஜூரி சில நிமிடங்களில் அவரை விடுவித்து, அவருக்குப் பெரும் அநீதி இழைக்கப்பட்டதாக எழுத்தில் மன்னிப்பும் கேட்டது. ஆறே நாட்களில் திரைத்துறையின் சார்பில் வில் ஹேஸ் அவருடைய படங்களுக்குத் தடை போட்டார். அந்தத் தடை ஆண்டின் இறுதியில் நீங்கியும் பழைய இடம் கிடைக்கவில்லை. பின்னர் வேறு பெயரில் இயக்குநராக வேலை பார்த்தார். நகைச்சுவைதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல மாட்டேன். விற்பனைக்கு அலைந்த பத்திரிகைகளுக்கும் பதவிக்கு ஆசைப்பட்ட அரசு வழக்கறிஞருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கதை அவ்வளவு விரைவாக நம்பப்பட்டது ஏன்? பருத்த உடம்பு என்றால் அடங்காத பசி, கட்டுப்பாடில்லாத ஆசை, மிருகத்தனம் என்று நகைச்சுவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. செய்தித்தாள்கள் அதைச் சிரிப்பில்லாமல் திருப்பிச் சொன்னால் போதுமானதாக இருந்தது.

'நான் என் உடம்பைத்தானே கேலி செய்கிறேன்?' என்று கேட்கும் கலைஞர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். எள்ளல் என்பது பிறரை இகழ்ந்து சிரிப்பது மட்டுமல்ல, பிறர் தன்னை இகழும்போது தானே சிரிப்பதும்தான் என்று தொல்காப்பிய உரையில் பேராசிரியர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். மேடையில் பருத்த ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்லலாம். துணிக்கடையில் தன் அளவு இல்லை என்று சொல்லும் பணியாளரின் முகம், ஷேர் ஆட்டோவில் பக்கத்து இருக்கைக்காரர் விடும் பெருமூச்சு, கல்யாண வீட்டில் இலையை எட்டிப் பார்க்கும் அத்தை என இவையெல்லாம் அங்கே நகைச்சுவையாகும். அப்போது சிரிப்பு அந்தப் பார்வையின்மேல் விழுகிறது. ஆனால் அடுத்தவர் சொல்லும் முன் நானே என்னைப் பூசணிக்காய் என்று சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கினால், பேசுவது நீங்களாக இருந்தாலும் தீர்ப்பு பழையதுதான். சிரித்துவிட்டு வெளியே போகிறவர் அதைத் தன் வகுப்பில் இருக்கும் வேறொரு பருத்த பிள்ளைமேல் சொல்வார். அந்தப் பிள்ளை உங்களைப் போல மைக்கைத் தானே விரும்பிக் கையில் எடுத்தவர் அல்ல.

உடல் பருமன் நோய்க்குக் காரணம், கேலி செய்தால் எடையைக் குறைப்பார்கள் என்ற வாதமும் வரும். எடைக்கும் சில நோய்களுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. கேலி அதைக் குணப்படுத்தும் என்பதற்குத்தான் சான்று இல்லை. அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்டோரை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தொடக்கத்தில் உடல் பருமன் இல்லாதவர்களில் எடையைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டப்பட்டதாகச் சொன்னவர்கள் பிறகு உடல் பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை என்றாலும், அவமானம் மருந்து என்ற நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை.

பருத்த பாத்திரங்களை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் திரையிலிருந்து நீக்குவதும் இன்னொரு வகை அவமதிப்பு. 2015-இல் வந்த 'தம் லகா கே ஹைசா' என்ற இந்திப் படத்தைப் பாருங்கள். ஹரித்வாரில் கேசட் கடை நடத்தும், பள்ளிப் படிப்பையே முடிக்காத பிரேமுக்கு, நன்றாகப் படித்து ஆசிரியையாக முயலும் பருத்த பெண்ணான சந்தியாவைக் கட்டிவைக்கிறார்கள். நண்பனின் கல்யாணத்தில் குடித்துவிட்டு மனைவியின் உடம்பைப் பற்றி அவன் நண்பர்களிடம் கேவலமாகப் பேசுகிறான். வழக்கமான படத்தில் இது ஒரு நகைச்சுவை வசனமாக முடிந்திருக்கும். இங்கே அந்தப் பேச்சு சந்தியாவின் காதில் விழுகிறது. எல்லோர் முன்னாலும் அவனை அறைகிறாள். இயக்குநர் சரத் கட்டாரியா செய்தது ஒரு சிறிய மாற்றம். இகழ்ச்சியைக் கேட்கிறவரையும் காட்சிக்குள் கொண்டுவந்தார். படம் நெடுகச் சிரிப்பு இருக்கிறது. அது பிரேமின் வீம்பிலிருந்தும் இரண்டு குடும்பங்களின் தடுமாற்றத்திலிருந்தும் வருகிறது. சந்தியா கடைசிவரை இளைப்பதில்லை.

உங்கள் கையில் இருக்கும் பிரதியிலும் இதைச் செய்து பார்க்கலாம். உடம்பைப் பற்றிய வசனம் வரும் இடத்தில் நின்று, அந்தப் பாத்திரத்துக்கு அந்தக் காட்சியில் என்ன வேண்டும் என்று ஓரத்தில் எழுதுங்கள். கடன் கேட்க வந்தாரா, பெண் பார்க்க வந்தாரா, திருடிய பொருளை மறைக்கப் பார்க்கிறாரா? ஒன்றும் எழுத வரவில்லை என்றால் வெட்ட வேண்டியது வசனத்தை மட்டும் அல்ல; அந்தப் பாத்திரத்தை நீங்கள் இன்னும் எழுதவே இல்லை. பிறகு அந்த வேடத்துக்கு வரும் நடிகரிடம் பேசுங்கள். அவருக்கு ஆட வருமா, வேகமாகப் பேச வருமா, முகத்தில் ஒன்றும் காட்டாமல் நீண்ட நேரம் நிற்க வருமா என்று கேளுங்கள். நாற்காலி முறியும் காட்சியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் சொன்னதை எழுதிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர் ஒருவர்