குரல் நடுவில் நிற்க ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

உத்திரமேரூரில் நண்பர் வீட்டுக் கூடம் 10 அடி அகலம், 14 அடி நீளம். சிமென்ட் தரை. இடப்பக்கம் வெறும் சுவர், வலப்பக்கம் தாழ்வாரத்துக்குப் போகும் வாசல். இரண்டு சிறிய ஸ்பீக்கர்களையும் டிவி மேசையின் இரு ஓரங்களில் வைத்திருந்தார். பாடகரின் குரல் இடப்பக்கமாகவே சாய்ந்தது.

சோதிக்க 1960களின் சினிமாப் பாட்டு ஒன்று போதும். அவை பெரும்பாலும் மோனோ. இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். ஆகவே குரல் நட்டநடுவில், ஓர் ஆள் அகலத்துக்குள் நிற்க வேண்டும். ஸ்டீரியோவாக மாற்றிய மறுபதிப்பு இதற்கு உதவாது.

சுவர்: ஒட்டியா, தள்ளியா?

பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு குறிப்பிட்ட சுருதியை விழுங்கிவிடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 2 அடியில் இருந்தால் விழுங்கப்படுவது சுமார் 140 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் கனம் அங்கேதான் இருக்கிறது, குரல் மெலியும். 3 அடியில் அது 94 ஹெர்ட்ஸுக்கு இறங்குவதால் குரல் தப்பும். மேடையின் ஆழமும் தெரியும். ஒரு அடிக்குள் வைத்தால் இடம் மிச்சம், ஆனால் பேஸ் கூடும், ஆழம் குறையும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உயரம்: பாயா, நாற்காலியா?

ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். பாயில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி, நாற்காலியில் மூன்றரை. மேசை தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்விளிம்புக்கு அடியில் மரத்துண்டு வைத்து, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி சாய்க்கலாம்.

திருப்பம்: நேராகவா, உள்ளேயா?

நேராக வைத்தால் மேடை அகலும், நடு கலங்கும். காதை நோக்கித் திருப்பினால் நடு கூர்மையாகும், மேடை குறுகும். இரண்டு பார்வையும் தலைக்கு ஓரடி பின்னால் சந்திப்பது நல்ல தொடக்கம். பலர் சேர்ந்து கேட்பதானால் தலைக்கு முன்னாலேயே சந்திக்கட்டும். ஓரத்தில் இருப்பவருக்கும் நடு அதிகம் நகராது.

நண்பர் வீட்டில் ஸ்பீக்கர்களை 3 அடி முன்னே இழுத்து, 6 அடி இடைவெளி விட்டோம். ட்வீட்டரிலிருந்து நாற்காலிவரை நூல் பிடித்து இரு பக்கமும் 7 அடியாக்கினோம். குரல் தெளிந்தது, சாய்வு மட்டும் போகவில்லை. நண்பர் நாற்காலியில் இருக்க, இடச்சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்தினேன். அதில் இடது ஸ்பீக்கர் அவருக்குத் தெரிந்த இடத்தில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துத் தொங்கவிட்டதும் குரல் நடுவுக்கு வந்தது. வலப்பக்கம் வாசல், அங்கே திரும்பி வர ஒலியே இல்லை.

பகலில் கூடத்தில் நடக்க வழி வேண்டுமே! தரையில் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறார். இரவில் பாட்டுக் கேட்கும்போது மட்டும் ஸ்பீக்கர்கள் அங்கே வரும்.