பித்அத்: சொல் ஒன்று, வரையறை இரண்டு

சமயத்தில் புதிதாகப் புகுந்ததை இசுலாமிய அறிஞர் 'பித்அத்' என்பர். அதன் வரையறையில் அவர்கள் இரு சாராராய்ப் பிரிந்தமையை இங்குக் காண்போம்.

ரமலான் இரவுகளில் தனித்தனியே தொழுதோரைக் கலீபா உமர் ஓர் இமாமின்பின் ஒன்றுசேர்த்து, அதனை நல்லதொரு பித்அத் என்றார்.

நபிகள் காலத்தில் இல்லாத யாவும் பித்அத்தே. அவை கடமை முதல் விலக்கு ஈறாக ஐவகைப்படும் என்று, 1262-இல் மறைந்த இப்னு அப்துஸ்ஸலாம் விரித்துரைத்தார். 1388-இல் மறைந்த ஷாதிபியோ, சான்றின்றி வழிபாடுபோல் புகுத்தப்பட்டதே பித்அத், அதில் நல்லதென்பது இல்லை என்றார். நபிகளே சில இரவுகள் அத்தொழுகையை நடத்தியதால், உமர் கூறியது வெறும் சொற்பொருளே என்பது அவர் விடை.

ஆக, அத்தொழுகையை இருவருமே ஏற்றனர். பிளவு வெளிப்படுவது, நம் தமிழகத்தில் நபிகள் பிறந்த மாதத்தில் ஓதப்படும் மௌலிது போன்றவற்றில்தான். விரிந்த பொருள் கொள்வோர் அதன் உள்ளடக்கத்தை ஆராய்ந்து ஏற்பர்; குறுகிய பொருள் கொள்வோர் முன்சான்று கேட்டு மறுப்பர். ஆதலின் ஒருவர் 'பித்அத்' என்றால், எப்பொருளில் என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும்.