பரபரப்பான மாதத்திலும் உடையாத வீட்டு பட்ஜெட்

மாதம் பிறந்ததும் புது நோட்டு வாங்கி, "இனிமே ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதணும்" என்று நம்மில் பலர் ஆரம்பிக்கிறோம். மூன்றாவது வாரம் வரும்போது நோட்டு அலமாரிக்குப் போய்விடும். செலவாளிக் குடும்பத்தில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் திட்டம் போட்ட விதத்திலேயே ஓட்டை இருக்கும்.

முதல் ஓட்டை, மாதாமாதம் வராத செலவுகள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, தை மாதம் பொங்கலும் கல்யாண மொய்யும். மாத பட்ஜெட்டில் இவற்றுக்கு இடமே இருக்காது. வரும்போது "எதிர்பாராத செலவு" என்கிறோம். உண்மையில் தேதி தெரிந்த செலவுகள்தான் இவை.

சொந்த வீட்டில் இருக்கும், மாதம் 30,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அவர்களுக்கு வரும் இப்படிப்பட்ட செலவுகள்:

- மின்கட்டணம், 6 முறை 1,200 வீதம்: 7,200
- சொத்து வரியும் தண்ணீர் வரியும், 2 முறை 1,500 வீதம்: 3,000
- பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை: 18,000
- தீபாவளி 12,000, பொங்கல் 5,000: 17,000
- வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ்: 4,800
- மொய், சீர்: 10,000

மொத்தம் 60,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே இந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அஞ்சலக சேமிப்புக் கணக்கே போதும். 500 ரூபாயில் தொடங்கலாம், அந்த 500 எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை மட்டும் போனில் யுபிஐயோடு இணைக்காதீர்கள். கைக்கு எட்டினால் கரைந்துவிடும்.

எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். இந்தக் குடும்பம் ஏப்ரலில் தொடங்கினால் ஜூன் வரை சேர்வது 15,000. அதற்குள் இரண்டு மின்கட்டணம், ஒரு அரையாண்டு வரி, பள்ளிக் கட்டணம் என்று 21,900 வெளியே போகும். 6,900 துண்டு விழும். "இந்த முறை சரிப்பட்டு வரல" என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். ஜூலையில் தொடங்கினால், அக்டோபர் முடிய 20,000 சேரும். மின்கட்டணம், வரி, தீபாவளி எல்லாம் சேர்த்து 15,900 போனாலும் ஆவணி மொய்க்குக் கொஞ்சம் மிஞ்சும். அதனால் உங்கள் பட்டியலையும் மாத வரிசையில் எழுதி, ஒவ்வொரு மாத முடிவிலும் எவ்வளவு மிஞ்சும் என்று கழித்துப் பாருங்கள். எங்காவது பற்றாக்குறை வந்தால், அதற்கு முந்தைய மாதங்களில் கூடுதலாகப் போட வேண்டும், இல்லையென்றால் அந்தச் செலவைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, மாதத்துக்கு நான்கு வாரம் என்று கணக்குப் போடுவது. நான்கு வாரம் என்றால் 28 நாள்தான். மீதி இரண்டு மூன்று நாளுக்குப் பணம் ஒதுக்காததால்தான் கடைசியில் கைமாற்று வாங்க வேண்டி வருகிறது. நாள் கணக்கில் போடுங்கள். மேலே சொன்ன குடும்பத்தில் 5,000 எடுத்துவைத்து, கடன் தவணை, கேஸ், டியூஷன், போன் ரீசார்ஜுக்கு 8,000 போனால் மிச்சம் 17,000. மளிகை, காய்கறி, பால், பஸ்ஸுக்கு நாளைக்கு 500 வீதம் 31 நாளுக்கு 15,500. மீதி 1,500 திடீர் காய்ச்சலுக்கும் ரிப்பேருக்கும்.

மூன்றாவது, தினமும் எழுத வேண்டிய திட்டம். பரீட்சை, விருந்தாளி, ஓவர்டைம் என்று ஒரு வாரம் வந்தால் எழுதுவது நின்றுவிடும். நான்கு நாள் விட்டுப்போனால் பழைய செலவு ஞாபகம் வராது, அதோடு நோட்டை மூடிவிடுவோம். எழுதாமலே கணக்கு தெரிய ஒரு வழி உண்டு. ஞாயிறு காலை அந்த வாரத்துக்கான 3,500-ஐ மட்டும் யுபிஐ செலவுக்கான கணக்குக்கு மாற்றுங்கள். ரொக்கமாகச் செலவு செய்பவர்கள் ஒரு கவரில் போடலாம். புதன் இரவு மீதியைப் பாருங்கள். 1,500 இருந்தால் சரியாகப் போகிறது. 900 இருந்தால், மீதி மூன்று நாளை நாளைக்கு 300-ல் ஓட்ட வேண்டும். வாரத்துக்கு ஒரு பார்வை, அவ்வளவுதான் வேலை.

பட்டியல் போட்டதும் மாதம் 5,000 எடுத்துவைக்கவே முடியாது என்று தெரிந்தால், அரிசி பருப்பில் கை வைக்காதீர்கள். அது ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆண்டுப் பட்டியலில் குறையுங்கள். தீபாவளியை 12,000-லிருந்து 6,000 ஆக்கினால் மாதம் 500 குறையும். இதை ஜூலையிலேயே வீட்டில் பேசி முடிவு செய்யலாம். ஜவுளிக்கடை வாசலில் நின்று முடிவெடுப்பதுதான் கஷ்டம்.